மின்விசிறி இரைச்சலை எடுத்தால் குரல் தண்ணீருக்குள் போய்விடுகிறது: எந்த இடத்தில் தவறுகிறது?

செண்பகம்
வணக்கம். சிறுகதை வாசிப்பு ஒன்றை ஒலிநூலாகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 40 நிமிடப் பதிவு. மோனோ, 44100 ஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில் பதிவானது, அதனால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீரான "ஹூ" சத்தம். வாசித்தவர் இப்போது ஊரில் இல்லை. மறுபதிவுக்கு வழியில்லை.

ஆடாசிட்டியில் `Noise Reduction` போட்டேன். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளியைத் தேர்ந்தெடுத்து `Get Noise Profile` கொடுத்தேன். `Noise reduction (dB)` 24, `Sensitivity` 12, `Frequency smoothing` 0. ஃபேன் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் குரல் தண்ணீர்க் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது. இடைவெளிகளில் தூரத்தில் யாரோ சின்ன மணிகளை உருட்டுவதுபோல் ஒரு சத்தம் வேறு வருகிறது. எந்த எண்ணை மாற்றவேண்டும்?

டெல்டா_குமார்
சென்சிடிவிட்டி 12 ரொம்ப அதிகம்ங்க. அதை 3-க்கு இறக்குங்க, தண்ணி சத்தம் போயிடும். மத்ததை அப்படியே விடுங்க.

ராஜா_வீடியோஸ்
எடிட்டிங்ல இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு ஃபேனை நிறுத்திட்டு ரெக்கார்ட் பண்ணலாமே? மைக்கை இன்னும் கிட்ட வைங்க. ஒரு அடி தூரத்துல இருக்கிறதை அரை அடிக்குக் கொண்டுவந்தா குரல் 6 டெசிபல் கூடும், ஃபேன் அப்படியே இருக்கும்.

செண்பகம்
ராஜா, அடுத்த பதிவுக்கு அப்படியே செய்கிறேன். இது ஏற்கெனவே முடிந்த பதிவு.

குமார் அண்ணா, 3 வைத்துப் பார்த்தேன். குரல் கொஞ்சம் தெளிந்தது உண்மைதான். ஆனால் மணி உருட்டும் சத்தம் முன்பைவிட மோசம்.

ஒலித்தச்சன்
செண்பகம், உங்கள் கோப்பில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இரண்டுக்கும் "தண்ணீர் சத்தம்" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் குமார் சொன்னது பாதி பலித்து, மறுபாதியைக் கெடுத்தது.

அந்தக் கருவி ஒலியைச் சுமார் 21 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஆயிரம் பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த மாதிரியை வைத்து, "இந்தப் பட்டையில் ஃபேன் இவ்வளவு உயரம்" என்று ஒரு கோடு போடும். ஒலி கோட்டுக்கு மேலே வந்தால் கதவு திறக்கும். கீழே இருந்தால் நீங்கள் சொன்ன டெசிபல் அளவுக்குச் சாத்தும்.

நம் காதுக்கு ஃபேன் சீராகக் கேட்கிறது. ஆனால் ஒரு தனிப் பட்டைக்குள் பார்த்தால் அதன் அளவு கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். கோடு தாழ்வாக இருந்தால் ஃபேனே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். சுற்றிலும் எல்லாக் கதவும் மூடியிருக்க, ஒரே ஒரு பட்டை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால் அது ஒரு சின்ன மணி ஓசையாகக் கேட்கும். இடைவெளிகளில் உங்களுக்குக் கேட்பது அதுதான். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் கோடு இன்னும் தாழும், மணிகள் பெருகும்.

கோடு உயரமாக இருந்தால் நேர்மாறு. குரலின் மெலிந்த பகுதிகள் கோட்டுக்குக் கீழே போய், ஃபேனோடு சேர்ந்து அவையும் சாத்தப்படும். தமிழில் இது முதலில் தெரியும் இடம் குற்றியலுகரம். "பத்து", "கேட்டு", "வந்தது" இவற்றின் கடைசி உகரம் இயல்பிலேயே குறுகியது. அது பாதி வந்து பாதி வராமல் போகும். அடுத்து "ச", "ஸ" ஓசைகள் மழுங்கும். குடத்துக்குள் பேசுவதுபோல் இருப்பது இதனால்.

ஆகவே கோட்டை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தால் ஒன்று போய் மற்றொன்று வரும். இரண்டையும் சேர்த்துக் குறைப்பது ஆழம்தான், அதாவது அந்த 24. திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் 24 டெசிபல் வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு பிழையும் துருத்திக்கொண்டு கேட்கும். வித்தியாசம் 8 டெசிபல்தான் என்றால் அதே பிழைகள் மிச்சமிருக்கும் ஃபேன் சத்தத்திலேயே மறைந்துவிடும். கொஞ்சம் ஃபேனை விட்டுவைப்பது தோல்வி இல்லை, அதுதான் மீதிப் பிழைகளை மூடும் போர்வை.

இரண்டு விவரம் வேண்டும். மாதிரி எடுத்த இடைவெளி எத்தனை நொடி? குரலின் அளவும் ஃபேனின் அளவும் என்ன? `Analyze` பட்டியலில் `Contrast` இருக்கிறது. நிறுத்தாமல் பேசும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து `Foreground`, வெறும் ஃபேன் உள்ள பகுதியை `Background` என்று அளந்து சொல்லுங்கள்.

செண்பகம்
இப்போதுதான் காதுக்குள் விளக்கு எரிந்த மாதிரி இருக்கிறது. "வந்தது" எல்லாம் "வந்த" என்றுதான் கேட்கிறது.

மாதிரி 0.3 நொடி. குரல் -27, ஃபேன் -47.

ஒலித்தச்சன்
0.3 நொடி போதவே போதாது. கருவி ஏற்றுக்கொள்ளும், ஆனால் அவ்வளவு சிறிய துண்டில் ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் அதனால் சரியாகக் கணிக்க முடியாது. சில பட்டைகளில் கோடு தாழ்ந்தும் சிலவற்றில் உயர்ந்தும் விழும். அதோடு, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே என்றால் முதல் வாக்கியத்தின் எதிரொலி வால் அதில் இருக்கும், அடுத்த வாக்கியத்துக்கு இழுக்கும் மூச்சும் இருக்கும். இரண்டும் குரலின் குணம் உள்ளவை. அவற்றை ஃபேன் என்று சொல்லிக் கொடுத்தால் கருவி குரலையே ஃபேனாக எண்ணிச் சாத்தும்.

பதிவின் தொடக்கத்திலோ கடைசியிலோ யாரும் அசையாத 2 நொடி இருக்கிறதா பாருங்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். ஃபேன் இரைச்சலின் பெரும்பங்கு அடியில் இருக்கும், குரல் தொடாத இடத்தில். அதை எடுக்கப் பட்டைக் கதவுகள் தேவையில்லை, ஒரு சாதாரண வடிகட்டி போதும். `High-Pass Filter`, 80 ஹெர்ட்ஸ், `Roll-off` 24. அதில் தண்ணீர் சத்தம் வரவே வராது, ஏனென்றால் அது எதையும் திறந்து மூடுவதில்லை. வாசித்தவர் பெண் என்றால் 100 வரை போகலாம். ஆழ்ந்த ஆண் குரல் என்றால் 70-ஐத் தாண்டாதீர்கள்.

வடிகட்டிய பிறகு மறுபடி மாதிரி எடுங்கள். பழைய மாதிரி இப்போது பொருந்தாது. பிறகு குறைப்பு 8, சென்சிடிவிட்டி 6, ஸ்மூத்திங் 3.

`OK` அழுத்துவதற்குமுன் `Residue` என்பதைத் தேர்ந்து `Preview` கேளுங்கள். எடுக்கப்போவது மட்டும் தனியே ஒலிக்கும். அதில் வெறும் ஃபேன் கேட்டால் சரி. சொற்கள் அடையாளம் தெரிந்தால் சென்சிடிவிட்டியை அரை அரையாக இறக்குங்கள். முடிவு ஒலியைவிட இதைக் கேட்டுத்தான் சரிபார்க்கவேண்டும், ஏனென்றால் முடிவைக் கேட்கும்போது விடுபட்ட உகரத்தை நம் மனமே நிரப்பிக்கொள்ளும்.

வன்னிமகள்
எனக்கும் இதே பிரச்சினைதான். வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள், பின்னால் டேபிள் ஃபேன். நீங்கள் சொன்ன 8, 6, 3 போட்டும் தண்ணி சத்தம் அப்படியே இருக்குது. குரல் நின்றவுடன ஃபேன் மெல்ல மெல்லப் பெரிசாகுது, திரும்பக் கதைக்கத் தொடங்கினால் சின்னதாகுது. ஏன்?

ஒலித்தச்சன்
உங்களுடையது வேறு நோய், வன்னிமகள். ஃபேன் பெரிதாவதும் சிறிதாவதும் கைபேசியின் வேலை. குரல் இல்லாதபோது அது தானாக ஒலியைக் கூட்டுகிறது. அப்படியானால் உங்கள் இரைச்சல் சீரானதே இல்லை. எந்த நொடியில் மாதிரி எடுத்தாலும் மற்ற நொடிகளுக்குப் பொருந்தாது. அதோடு வட்ஸ்அப் குரல் பதிவு ஏற்கெனவே இறுக்கிச் சுருக்கிய கோப்பு. கைபேசியும் தன் பங்குக்கு இரைச்சலை நீக்கியிருக்கலாம். அசல் கோப்பைத் தொடாமல் கேளுங்கள், தண்ணீர் சத்தம் அதிலேயே இருக்கும். நாம் அதை எடுக்க முடியாது.

இனி அனுப்புபவர்களிடம் குரல் பதிவுச் செயலியில் வேவ் கோப்பாகப் பதிந்து, ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் இருப்பவற்றுக்கு 80 ஹெர்ட்ஸ் வடிகட்டி மட்டும் போட்டு நிறுத்துவதே மரியாதை.

வன்னிமகள்
அசலைக் கேட்டுப் பார்த்தன். உண்மைதான், அதிலயே இருக்குது. நன்றி அண்ணா.

கம்பிமத்தாப்பு
இதை ஒட்டி இன்னொன்று. அசலிலேயே இருக்கிற, தண்ணீர்போல் கேட்கிற இன்னொரு சத்தமும் உண்டு. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசினால் குரல் சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பி வரும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் நொடிக்குப் பதினேழு பதினெட்டு முறை ஓர் இறக்கை கடந்துபோகிறது. குரல் அந்த வேகத்தில் நடுங்கும். அது இரைச்சல் இல்லை, குரலின்மேலேயே ஏறிய நடுக்கம். இரைச்சல் நீக்கி எதுவும் அதைத் தொடாது. செண்பகம், ஒரு நீண்ட "ஆ" ஓசையை அசலில் தேடிக் கேளுங்கள். அங்கேயே நடுக்கம் இருந்தால் அதற்காக எண்களோடு மல்லுக்கட்டவேண்டாம்.

சத்தம் "ஹூ" என்று இல்லாமல் "ர்ர்ர்" என்று உறுமினால் அது காற்று இல்லை, ரெகுலேட்டர். `Plot Spectrum` திறந்து `Size` 16384 வைத்துப் பாருங்கள். 100, 200, 300 என்று ஊசிகள் நிற்கும். அவற்றை `Notch Filter` வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அப்புறம் மாதிரி எடுப்பது நல்லது.

செண்பகம்
"ஆ" சுத்தமாக இருக்கிறது, நடுக்கம் இல்லை. ஸ்பெக்ட்ரத்தில் 100-ல் மட்டும் ஒரு சிறு ஊசி. அதை எடுத்துவிட்டேன், `Q` 10.

பதிவின் கடைசியில் 3 நொடி வெறும் ஃபேன் கிடைத்தது. 80 ஹெர்ட்ஸ் வடிகட்டிக்குப் பிறகு ஃபேன் -47-லிருந்து -52. குரல் -27 அப்படியே. 8, 6, 3 போட்ட பிறகு ஃபேன் -60. எச்சத்தில் "ச" ஓசைகள் இலேசாகக் கேட்டன, சென்சிடிவிட்டியை 5 ஆக்கியதும் போய்விட்டன. உகரங்கள் திரும்ப வந்துவிட்டன! மணி சத்தம் ஹெட்போனில் ஒலியை ஏற்றிக் கேட்டால்தான் இருக்கிறதோ என்று சந்தேகப்படும் அளவு.

ஒரு சிக்கல். ஒலிநூல் வெளியீட்டுத் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் அளவைத்தான் நானும் பின்பற்ற நினைக்கிறேன். குரல் -23-க்கும் -18-க்கும் நடுவே, இரைச்சல் -60-க்குக் கீழ். குரலை -20-க்கு ஏற்ற 7 டெசிபல் கூட்டினால் ஃபேனும் -53-க்கு ஏறிவிடுகிறது. அந்த 7-ஐயும் சேர்த்துக் குறைப்பை 15 ஆக்கிவிடலாமா?

டெல்டா_குமார்
இதுக்கு ஒரு வழி இருக்கு. 24 போட்டு நல்லா சுத்தம் பண்ணிட்டு, அசல் ட்ராக்கை அடியில் 40 சதவீதம் கலந்துடுங்க. ஃபேனும் கம்மியாகும், குரலும் இயல்பா இருக்கும். நான் எல்லாத்துக்கும் இதான் பண்றேன்.

ஒலித்தச்சன்
குமார், அது நன்றாகக் கேட்கும். ஆனால் ஏன் நன்றாகக் கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 டெசிபல் குறைப்பு என்றால் மூடிய கதவு வழியே 0.063 பங்கு ஒலி வரும். சுத்தம் செய்ததில் 60 சதவீதமும் அசலில் 40 சதவீதமும் கலந்தால் 0.6 × 0.063 + 0.4 = 0.438. அது டெசிபலில் சுமார் 7. அதாவது நேரடியாகக் குறைப்பை 7 என்று வைத்ததும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் காது சரியான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டது, வழிதான் சுற்று.

செண்பகம், 15 வேண்டாம். பேசும்போது அந்த 7 டெசிபல் யாருக்கும் கேட்காது, குரலே அதை மறைத்துவிடும். கேட்பது இடைவெளிகளில்தான். எனவே அங்கே மட்டும் குறையுங்கள். ஒலியை ஏற்றிய பிறகு `Noise Gate`: `Level reduction` -7, `Gate threshold` -40, `Attack` 10, `Hold` 150, `Decay` 400. இது பட்டை பட்டையாக அல்ல, மொத்த ஒலியையும் ஒன்றாக இறக்குகிறது, அதனால் மணி உருட்டாது. சொல்லின் வால் அறுபடாமல் இருக்கத்தான் `Hold` தாராளமாக வைத்தது. `Level reduction`-ஐ -24, -30 என்று இறக்கிவிடாதீர்கள். இடைவெளி முழு மௌனமாகி, ஒவ்வொரு வாக்கியமும் ஃபேனோடு திறந்து ஃபேனோடு மூடும். அது ஃபேனைவிடத் தொந்தரவு.

கம்ப்ரஸர் போடுவதானால் இரைச்சல் குறைப்புக்குப் பிறகுதான். முன்னால் போட்டால் வன்னிமகளின் கைபேசி செய்த வேலையை நாமே செய்ததாகும்.

முனையம்
கட்டளை வரியில் செய்பவர்களுக்கு இதே வேலை எஃப்எஃப்எம்பெக்கில்:

```
ffmpeg -i in.wav -af "highpass=f=80,afftdn=nr=8:nf=-50" out.wav
ffmpeg -i in.wav -af "highpass=f=80,afftdn=nr=8:nf=-50:om=n" residue.wav
```

இரண்டாவது வரி எடுக்கப்பட்டதை மட்டும் தனிக் கோப்பாகத் தரும். `nf` என்பதுதான் இங்கே கோடு. 8-ஐ அப்படியே வைத்துக்கொண்டு `nf`-ஐ மட்டும் இரண்டிரண்டாக மாற்றி எச்சத்தைக் கேளுங்கள். `Contrast` காட்டிய எண்ணை அப்படியே இங்கே எழுதினால் பொருந்தாது. அது மொத்த ஒலியின் அளவு, இது பட்டைகளுக்கானது. இதில் மாதிரி கொடுக்காததால் ஃபேனின் நிறம் இதற்குத் தெரியாது, எல்லாப் பட்டைக்கும் ஒரே உயரம் என்றே எடுத்துக்கொள்ளும். உறுமல் உள்ள கோப்புக்கு ஆடாசிட்டியே மேல்.

ஒலித்தச்சன் சொன்னதில் ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து. 8-ஐ ஒரே தடவை போடுவதைவிட 4, 4 என்று இரு தடவை, நடுவில் புதிய மாதிரி எடுத்துப் போட்டால் எனக்கு மென்மையாக வருகிறது.

ஒலித்தச்சன்
எனக்கு அது பிடிபடவில்லை, முனையம். முதல் தடவை முடிந்ததும் மிச்சமிருக்கும் இரைச்சல் பழையபடி சீராக இருக்காது. சில பட்டைகள் திறந்தும் சில மூடியும் இருந்த தடம் அதில் பதிந்திருக்கும். அதிலிருந்து எடுக்கும் இரண்டாவது மாதிரி எதை அளக்கிறது?

முனையம்
4 டெசிபல்தான் என்பதால் தடம் ஆழமாக விழுவதில்லை என்று நினைக்கிறேன். எச்சம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது, முடிவில்தான் வித்தியாசம். யாராவது ஒரே கோப்பில் இரண்டையும் செய்து, எது எது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்தால் நல்லது.

கம்பிமத்தாப்பு
ஸ்மூத்திங்கும் ஒரு காரணமாக இருக்கலாம். இரு தடவையும் 3 வைத்தால் பரவல் கூடிவிடும். ஒப்பிடுபவர்கள் ஒன்றை 3 என்றும் மற்றதை 3, 0 என்றும் வைத்துப் பாருங்கள்.

செண்பகம்
ஒப்பிட்டுப் பார்க்கிறேன், அதற்குமுன் ஒரு சந்தேகம். முழுக் கோப்பையும் முடித்துவிட்டேன். `Noise Gate`-ல் -7 போட்ட பிறகு இடைவெளிகள் -60. முதல் 26 நிமிடம் அருமையாக இருக்கிறது. அதன் பிறகு சுமார் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் மணி சத்தம் மறுபடி தலைகாட்டுகிறது. எண்கள் எல்லாம் அதேதான்.

கம்பிமத்தாப்பு
அந்த ஐந்து நிமிடத்தில் மின்னழுத்தம் மாறியிருக்கும். அழுத்தம் ஏறினால் ஃபேன் வேகம் கூடும், இரைச்சலின் அளவும் நிறமும் மாறும். கடைசி 3 நொடியில் எடுத்த மாதிரி அங்கே பொருந்தவில்லை. ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி 26-ஆம் நிமிடத்தைப் பாருங்கள், அடிப்பகுதியில் ஒரு படி ஏறியது தெரியும்.

ஒலித்தச்சன்
ஆம். வடிகட்டிகள் மட்டும் போட்ட கோப்புக்குத் திரும்பிப் போங்கள். அந்தப் படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெட்டி, நடுத்துண்டுக்குள்ளேயே மூச்சில்லாத ஓர் இடைவெளி தேடி மாதிரி எடுங்கள். 2 நொடி கிடைக்காவிட்டால் 1 நொடியாவது வேண்டும். வெட்டு வாக்கியத்தின் நடுவில் விழக்கூடாது, பத்தி மாறும் இடத்தில் விழட்டும். குறைப்பு மூன்று துண்டுக்கும் 8-ஆகவே இருக்கட்டும். நடுத்துண்டில் ஃபேன் இரண்டு டெசிபல் கூடுதலாக மிஞ்சினால் மிஞ்சட்டும்.

செண்பகம்
ஸ்பெக்ட்ரோகிராமில் படி தெரிகிறது, 26:40-லிருந்து 31:55 வரை. நடுவில் 1.2 நொடி இடைவெளி ஒன்று அகப்பட்டது. நடுத்துண்டில் ஃபேன் -58-ல் நிற்கிறது, மணிகள் இல்லை. இன்று இரவு 4, 4 வைத்து அதே துண்டை மறுபடி செய்து, இரண்டு கோப்பையும் பெயரில்லாமல் இங்கே இணைக்கிறேன்.